ஒரு இலட்சம் யாருக்கு? சராசரி மறைப்பதும் இடையம் சொல்வதும்

எங்கள் கூட்டத்தில் கொட்டாஞ்சேனையில் இருந்து வரும் நண்பன் ஒருவன் இருக்கிறான். ஒரு சின்னக் கணக்காய்வு அலுவலகத்தில் மாதம் 58,000 ரூபாய்க்கு வேலை செய்கிறான். போன மாதம் நுகேகொடையில் நாங்கள் வழமையாகக் கூடும் தேத்தண்ணிக் கடையில் வந்து உட்கார்ந்ததும், "மச்சான், வேலையை விடப் போறன்" என்றான். விற்பனை வேலை ஒன்று வந்திருக்கிறது. நிலையான சம்பளம் குறைவு, மிச்சமெல்லாம் கொமிஷன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர்கள் அவனிடம் சொன்ன ஒரேயொரு இலக்கம், "எங்கட ஆக்கள் சராசரியா மாசம் ஒரு இலட்சம் உழைக்கிறாங்க" என்பதுதான்.

அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா தங்கச்சியின் வகுப்புக் காசுக்குக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். அப்போது வெள்ளவத்தையில் இருந்து வரும் அக்கா ஒருவர், "சராசரி சரி, நடுவில இருக்கிற ஆள் எவ்வளவு எடுக்கிறான் எண்டு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. அங்கே வேலை செய்யும் தெரிந்த ஒருவரைப் பிடித்து, பெயர் இல்லாமல் இலக்கங்களை மட்டும் வாங்கினோம். அந்தக் கிளையில் ஒன்பது பேர். போன மாதம் அவர்கள் கையில் எடுத்தது, சிறியதில் இருந்து பெரியது வரை இப்படி: 28,000, 31,000, 35,000, 38,000, 42,000, 47,000, 55,000, 64,000, கடைசியாக 560,000.

கூட்டிப் பாருங்கள், 900,000 வரும். ஒன்பதால் பிரித்தால் சரியாக ஒரு இலட்சம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒரு இலட்சம் எடுப்பவர் ஒருவரும் இல்லை. ஒரு இலட்சத்துக்குக் கிட்டே வருபவர்கூட இல்லை. எட்டுப் பேர் அதற்குக் கீழே, ஒருவர் அதற்கு வெகு மேலே. அந்த ஒருவர் பல வருடங்களாக இருக்கும் குழுத் தலைவர். தனக்குக் கீழே வேலை செய்யும் எல்லோருடைய விற்பனையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இனி நடு ஆளைத் தேடுவோம். ஒன்பது பேரை வரிசையில் நிற்க வைத்தால் ஐந்தாவது ஆள் நடுவில் நிற்பார். அவருக்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். அவர் எடுத்தது 42,000 ரூபாய். இதுதான் இடையம். எங்கள் நண்பன் இப்போது எடுக்கும் சம்பளத்தைவிட 16,000 குறைவு. அவனை அந்தக் கிளையின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினால் மேலிருந்து மூன்றாவதாக நிற்பான்.

பாடசாலையில் நாங்கள் எல்லோரும் இதைப் படித்தவர்கள்தான். சாதாரண தரக் கணிதத்தில் இடை, இடையம், ஆகாரம் என்று மூன்றும் ஒன்றாக வரும். இதில் இடை என்பதுதான் வெளியே எல்லோரும் சராசரி என்று சொல்வது. இடை, இடையம் என்று பெயரும் ஒரே மாதிரி இருப்பதால், இரண்டும் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்வது என்று நினைத்து விடுகிறோம். திரள் மீடிறன் வளையி கீறி, பாதியில் கோடு இழுத்து, இடையத்தை வாசித்து, புள்ளியும் எடுத்தோம். எதற்காக அதை எடுக்க வேண்டும் என்று மட்டும் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில். சராசரி கேட்பது இது: இருக்கும் காசு முழுவதையும் ஒரு பானையில் போட்டு எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும்? இடையம் கேட்பது இது: ஒருவரும் பங்கிடாமல், இருக்கிறபடியே வரிசையில் நின்றால், நடு ஆளிடம் எவ்வளவு இருக்கிறது? காசை ஒருவரும் பானையில் போட்டுப் பங்கிடப் போவதில்லை என்றால், வேலைக்குப் போகிறவனுக்குத் தேவை இரண்டாவது கேள்வியின் பதில்.

இரண்டும் எப்படி வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்று அதே ஒன்பது பேரை வைத்துப் பார்க்கலாம். அடுத்த மாதம் அந்தக் குழுத் தலைவருக்கு இன்னும் 450,000 கூடுதலாகக் கிடைக்கிறது, மற்ற எட்டுப் பேருக்கும் ஒரு சதமும் கூடவில்லை என்று வையுங்கள். சராசரி ஒரே அடியாக 150,000 ஆகிவிடும். விளம்பரத்தில் "சராசரி வருமானம் 50 வீதம் உயர்வு" என்று போடலாம், அதுவும் பொய்யில்லை. இடையம் 42,000இலேயே நிற்கும். இனி மறுபக்கம் பாருங்கள். அந்தத் தலைவர் வேலையை விட்டுப் போகிறார், எட்டுப் பேர் மிச்சம். சராசரி 100,000இல் இருந்து 42,500க்கு விழும். எட்டுப் பேர் என்பதால் நடுவில் ஒருவர் இல்லை, இருவர் நிற்பார்கள்: 38,000, 42,000. இரண்டுக்கும் நடுவே எடுத்தால் இடையம் 40,000. ஒருவர் போனதற்குச் சராசரி பாதிக்கும் மேல் சரிந்தது, இடையம் 2,000 ரூபாய்தான் அசைந்தது. ஒரே ஓர் ஆளின் கையில் இருக்கும் இலக்கத்தை எட்டுப் பேரின் வாழ்க்கை என்று காட்டுவது எவ்வளவு சுலபம் என்று இதில் தெரிகிறது.

இது ஒரு கிளையின் கதை மட்டும் என்றால் நாங்கள் இதை எழுதியிருக்க மாட்டோம். அன்று வீட்டுக்குப் போய், நாட்டின் கணக்கும் இப்படித்தானா என்று பார்த்தோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில வருடங்களுக்கு ஒருமுறை வீட்டு வருமான, செலவு ஆய்வு ஒன்றை நடத்துகிறது. 2019ஆம் ஆண்டு முழுவதும் நடந்த ஆய்வுக்கு 25,000 வீடுகளை மாதிரியாக எடுத்தார்கள். அதன்படி இலங்கையில் ஒரு வீட்டின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அதிகம் வந்தது இந்த இலக்கம்தான். அதே ஆய்வில் இடைய வருமானமும் இருக்கிறது: 53,333 ரூபாய்.

இரண்டுக்கும் இடையில் 23,081 ரூபாய் வித்தியாசம். இதன் அர்த்தத்தை நிதானமாகச் சொல்லிப் பார்ப்போம். அந்த வருடம் இலங்கையில் இருந்த வீடுகளில் பாதி, மாதம் 53,333 ரூபாயோ அதற்குக் குறைவாகவோ வைத்துத்தான் ஓடியிருக்கின்றன. "சராசரி இலங்கைக் குடும்பம்" என்று சொல்லப்பட்ட அந்த 76,414 ரூபாய்க் குடும்பம், நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளைவிட மேலே நிற்கிற ஒரு குடும்பம். அதை நடுவில் நிற்கும் குடும்பம் என்று நினைத்துத் திட்டம் போட்டால், திட்டம் நடுவுக்குப் போய்ச் சேராது.

எங்கே இருந்து அந்த 23,081 வந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. வீடுகளை வருமான வரிசைப்படி ஐந்து சம பங்காகப் பிரித்தால், மேலே இருக்கும் ஒரு பங்கு, அதாவது 20 வீதமான வீடுகள், மொத்த வருமானத்தில் 51.4 வீதத்தை எடுக்கின்றன. கீழே இருக்கும் 20 வீதத்துக்கு 4.6 வீதம். நடுவில் இருக்கும் 60 வீதத்துக்கு மிச்சம் 44 வீதம். அந்த நடு 60 வீதத்தின் சராசரியை மட்டும் தனியாக எடுத்தால் ஏறத்தாழ 56,000 வருகிறது. இடையத்துக்கு எவ்வளவு கிட்டே வந்துவிட்டது பாருங்கள். மேலே இருப்பவர்களைச் சேர்த்தவுடன்தான் சராசரி 76,000க்குத் தூக்கி எறியப்படுகிறது. எங்கள் ஒன்பது பேர் கதையில் நடந்த அதே விஷயம், நாடளவில்.

வருமானத்தில் ஏன் இது எப்போதும் ஒரே பக்கமாக நடக்கிறது? 138 பஸ்ஸில் பின்னேரம் ஏறுகிற ஐம்பது பேரின் உயரத்தை அளந்தால் சராசரியும் இடையமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஆகக் கூடிய உயரமான ஆள்கூட மற்றவர்களைவிடப் பத்து மடங்கு உயரமாக இருக்க முடியாது. அதே ஐம்பது பேரின் வருமானம் அப்படி இல்லை. கீழே பூச்சியம் என்று ஒரு தரை இருக்கிறது, மேலே கூரை இல்லை. அதோடு சம்பளம் கூடுவது பெரும்பாலும் வீதக் கணக்கில்தான். 10 வீதம் கூட்டினால் 40,000 எடுப்பவருக்கு 4,000 கூடும், 4 இலட்சம் எடுப்பவருக்கு 40,000 கூடும். வாடகைக்கு விட்ட வீடும் வங்கியில் போட்ட காசும் இதே மாதிரித்தான், இருக்கிறவருக்கு மேலே மேலே சேரும். அதனால் வரிசையின் மேல் பக்கம் நீண்ட வால் ஒன்று வளர்கிறது. அந்த வால் சராசரியை இழுத்துக்கொண்டு போகும், இடையத்தைத் தொடாது. ஆகவே வருமானம் பற்றிய ஒரு பேச்சில் சராசரி மட்டும் இருந்தால், உண்மை நடு அதைவிடக் கீழே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். அனேகமாகப் பிழைக்காது.

இரண்டையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்பதில் இன்னொரு பிரயோசனமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆய்வில் சராசரி 62,237, இடையம் 43,511. ரூபாயில் பார்த்தால் இடைவெளி அப்போது 18,726, மூன்று வருடத்தில் 23,081. "இடைவெளி கூடிவிட்டது" என்று உடனே எழுதத்தான் எங்களுக்கும் கை போனது. ஆனால் சராசரியை இடையத்தால் பிரித்துப் பார்த்தால் இரண்டு வருடத்திலும் 1.43தான் வருகிறது. அதாவது நடு வீடும் சராசரியும் ஏறத்தாழ ஒரே வேகத்தில், 23 வீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக, உயர்ந்திருக்கின்றன. சமமின்மை திடீரென்று பெருகியதாக இந்த இரண்டு இலக்கமும் சொல்லவில்லை, இருந்த இடத்திலேயே பிடிவாதமாக நிற்கிறது என்றுதான் சொல்கின்றன. அந்த 23 வீதம்கூட விலைவாசி உயர்வைக் கழிக்காத கணக்கு. எங்கள் பக்கத்து வாதத்துக்குத் தோதாக இருக்கிறதென்று ரூபாய் இடைவெளியை மட்டும் காட்டியிருந்தால், அந்த விற்பனைக் கிளை செய்ததையே நாங்களும் செய்திருப்போம்.

இனி எங்களுக்கே உறைத்த விஷயம். கொழும்பில் நாங்கள் பலர் "நாங்க சாதாரண நடுத்தரக் குடும்பம்தான்" என்று சொல்லித்தான் வளர்ந்தோம். 2019இல் எங்களில் ஒருவரின் வீட்டில் அப்பாவும் அம்மாவும் உழைத்து மாதம் 120,000 வந்தது. அது நாட்டின் நடு வீட்டைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அவளுக்கு அது தெரியாது. ஏனென்றால் அவள் தன்னை ஒப்பிட்டது கொழும்பு மாவட்டத்தோடு. கொழும்பு மாவட்டத்தின் சராசரி அந்த வருடம் 132,433. அதோடு பார்த்தால் அவள் வீடு "சராசரிக்கும் கீழே". தோட்டத் துறையின் சராசரி வீட்டு வருமானம் 46,865 என்ற இலக்கம் அவள் கண்ணில் பட்டதே இல்லை.

அந்த 132,433க்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். கொழும்பு ஏழில் மதிலுக்குப் பின்னால் இருக்கும் வீடும் அதில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஒரே படிக்கட்டைப் பத்துக் குடும்பம் பாவிக்கும் தோட்ட வீடும் அதில் இருக்கிறது. நுகேகொடையில் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பிள்ளையின் வீடும், தெல்கந்த சந்தையில் மரக்கறி விற்கும் அம்மாவின் வீடும், அவிசாவளைப் பக்கம் ரப்பர் பால் எடுப்பவரின் வீடும் அதில் இருக்கின்றன. "கொழும்பு ஆக்களுக்கு என்ன குறை, வருமானம் கூடத்தானே" என்று உதவித் திட்டங்கள் பற்றிய பேச்சில் யாராவது சொல்லும்போது, அவர் சொல்வது சராசரியை. கொட்டாஞ்சேனைக் குடும்பத்தின் காசு அந்தச் சராசரியில் இல்லை, அந்தக் குடும்பம் மட்டும்தான் அதில் இருக்கிறது. வாடகையும் பஸ் காசும் மட்டும் கொழும்பு விலையிலேயே வரும்.

2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை மேல் நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் போட்டது. அடுத்த வருடமே கீழ் நடுத்தரத்துக்கு இறக்கியது. அந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அடிப்படையான தலா வருமானமும் ஒரு சராசரிதான். நாட்டின் மொத்த வருமானத்தை ஆட்தொகையால் பிரிப்பது. கம்பனிகளின் இலாபம்கூட அதற்குள் வரும். பெயரில் "நடுத்தர" என்று இருப்பதால், நடுவில் இருக்கும் இலங்கையரைப் பற்றி அது ஏதோ சொல்கிறது என்று நம்பிவிடுகிறோம். அவரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இவ்வளவும் சொன்னதால் இடையம்தான் உண்மை, சராசரி பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இடையத்துக்கும் ஒரு குருட்டுப் பக்கம் இருக்கிறது. மறுபடி அந்த ஒன்பது பேரிடம் போவோம். கீழே இருக்கும் நாலு பேரின் வருமானம் பாதியாகிவிடுகிறது என்று வையுங்கள்: 14,000, 15,500, 17,500, 19,000. நாலு வீட்டில் அடுப்பு எரியாது. இடையம்? அதே 42,000. நடு ஆள் அசையவில்லை, அதனால் இடையமும் அசையவில்லை. சராசரியாவது 92,667க்கு இறங்கி, எங்கேயோ ஏதோ நடந்திருக்கிறது என்று காட்டும். ஆகவே வறுமையைப் பற்றிப் பேச இடையமும் போதாது, கீழ் 20 வீதத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதே மாதிரி, நாட்டில் மொத்தம் எவ்வளவு வருமானம் இருக்கிறது, எவ்வளவு வரி எடுக்கலாம் என்று கேட்டால் சராசரிதான் உதவும். சராசரியை வீடுகளின் தொகையால் பெருக்கினால் மொத்தம் வரும், இடையத்தைப் பெருக்கினால் ஒன்றும் வராது.

இலக்கம் எதை அளந்தது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 53,333 என்பது வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. இரண்டு பேர் இருக்கும் வீடும் ஏழு பேர் இருக்கும் வீடும் வரிசையில் ஒவ்வோர் இடத்தைத்தான் பிடிக்கின்றன. இந்த ஆய்வு வருமானம் என்று எண்ணுவதில் கையில் வராத காசும் உண்டு. சொந்த வீட்டில் இருப்பவருக்கு, அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பார் என்று மதிப்பிட்டு அதையும் சேர்ப்பார்கள். தோட்டத்துத் தேங்காயும் மரக்கறியும் சேரும். நுகேகொடையில் தாத்தா கட்டிய வீட்டில் ஓய்வூதியத்தோடு தனியாக இருக்கும் ஒரு அம்மம்மா காகிதத்தில் நன்றாக உழைப்பவர் மாதிரித் தெரியலாம். இன்னொன்று, இவை 2019இன் இலக்கங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை போனது. இன்றைய சம்பளத்தை எடுத்து 53,333க்கு மேலே நிற்கிறேன் என்று ஒருவரும் சந்தோஷப்பட முடியாது.

எங்கள் நிலைப்பாடு சின்னது. நடுவில் இருக்கும் குடும்பம் எப்படி வாழ்கிறது என்று சொல்ல வரும் செய்தி, விளம்பரம், மேடைப் பேச்சு எதுவானாலும் இடையத்தை முதலில் சொல்ல வேண்டும், சராசரியைப் பக்கத்தில் வைக்க வேண்டும். திணைக்களத்தின் அறிக்கையில் இரண்டும் இருக்கின்றன. ஒன்றை எடுத்து மற்றதை விட்டுவிடுவது எழுதுகிறவரின் தெரிவு. அந்தத் தெரிவுக்கு அவர்தான் பொறுப்பு.

நண்பன் மறுநாள் அந்த நிறுவனத்துக்கு ஃபோன் எடுத்து இரண்டு கேள்வி கேட்டான். முதலாவது, நடுவில் நிற்கும் ஆள் போன மாதம் எவ்வளவு எடுத்தார்? இரண்டாவது, மாதம் முடிய முதல் விலகிப் போனவர்களையும் அந்த ஒரு இலட்சக் கணக்கில் சேர்த்தீர்களா? முதல் கேள்விக்கு, "அது ஆளைப் பொறுத்தது தம்பி" என்றார்கள். இரண்டாவதுக்கு, போனவர்களை ஏன் சேர்க்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்கள். ஒன்றுமே உழைக்காமல் பாதியில் போனவர்களையும் வரிசையில் நிறுத்தினால் நடு ஆள் 42,000க்கும் கீழே இறங்கிவிடுவார் என்று அவனுக்கு அப்போது விளங்கிவிட்டது.

இப்போதைக்கு அவன் பழைய வேலையில்தான் இருக்கிறான். 58,000 காணாது, அது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தங்கச்சியின் வகுப்புக் காசுக்கு இன்னும் வழி தேட வேண்டும். ஆனால் தேடும்போது, இல்லாத ஓர் ஒரு இலட்சத்தை நம்பிக் கையில் இருப்பதை விடமாட்டான்.